எந்தக் கட்டு, சார்?

தேர்வு மையத்தின் வாசலில் டீக்கடை இல்லாவிட்டால் என் தொழிலே இல்லை. வங்கித் தேர்வின் கேள்வித்தாள் வெளியே வருவதில்லை. கணினியில் எழுதுகிறார்கள், எழுந்து வரும்போது ரஃப் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதியவன் கேள்வித்தாளைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஐபிபிஎஸ் எழுதியவனிடம் மிஞ்சுவது ஞாபகம் மட்டும். அந்த ஞாபகம் ஆறுவதற்குள் அவனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையில் ஒரு தாளைத் திணித்து, "பஸில் எப்படி வந்தது, எழுது தம்பி" என்று கேட்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அறையில் ரீசனிங் சொல்லித்தருகிறேன். அலமாரியில் நான்கு கட்டுகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தக் கட்டுகளைப் பற்றியது.

முதலில் அவை நான்கு அல்ல, பதினொன்று. சேர்ந்த பஸில்களை நான் கதைவாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். அடுக்குமாடிக் கட்டடம் ஒரு கட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் ஒரு கட்டு. வாரத்தின் ஏழு நாளில் ஏழு பேர் கூட்டத்துக்குப் போவது ஒன்று, மாதங்கள் ஒன்று, வட்ட மேசை ஒன்று, சதுர மேசை ஒன்று, நேர்வரிசை ஒன்று, எதிரெதிர் இரண்டு வரிசை ஒன்று. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களும் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டையும் ஒரு வாரம் நடத்துவேன். வகுப்பில் எல்லாரும் போடுவார்கள்.

ஒரு வருடம் ப்ரிலிம்ஸ் முடிந்து வந்த ஒரு பெண், டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மாடிக் கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. "சார், பஸ் ஸ்டாப் வந்துச்சு சார். ஏழு ஸ்டாப், ஏழு பேர், யார் எந்த ஸ்டாப்புல இறங்குனாங்கன்னு. நாம பஸ் ஸ்டாப் நடத்தவே இல்லையே சார்" என்றாள். அவள் எழுதிக்கொடுத்த பஸிலை அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். மாடிக் கணக்கேதான். மேலே கீழே என்பதற்குப் பதில் முன்னால் பின்னால், அவ்வளவுதான். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கட்டடத்தை. கேள்வி கேட்டவர் கட்டடத்தை இடித்துவிட்டு ஒரு பேருந்தை நிறுத்தியிருந்தார்.

அந்தக் கோடை விடுமுறையில் பதினொரு கட்டையும் அவிழ்த்துத் தரையில் பரப்பினேன். கதையைப் பார்க்காமல் ஒவ்வொரு பஸிலிடமும் மூன்று கேள்வி கேட்டேன். மொத்தம் எத்தனை இடம் என்று சொல்லியிருக்கிறதா? ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தமாக ஒரு பெயரோ எண்ணோ உண்டா? 'இடது', 'வலது' என்ற சொல் ஆளுக்கு ஆள் மாறுமா? இந்த மூன்றுக்கும் வந்த பதிலை வைத்துப் பிரித்தபோது பதினொன்று நான்காகச் சுருங்கியது.

இடம் இத்தனை என்று தெரியும், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, திசைக் குழப்பம் இல்லை என்றால் அது முதல் கட்டு. அதற்கு ஏணி என்று பெயர் வைத்தேன். மாடி, பெட்டி, கிழமை, மாதம், பேருந்து நிறுத்தம் எல்லாம் இதற்குள் அடக்கம். நான்கு மாதம், மாதத்துக்கு இரண்டு தேதி, எட்டு பேர் என்று மிரட்டலாக வரும் கணக்கும் எட்டுப் படி ஏணிதான். முப்பது நாள் மாதம் என்று குறிப்பு வந்தால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று படிகளுக்கு ஓரத்தில் ஒரு அடையாளம் போட்டுக்கொண்டால் போதும். இடம் தெரியும், ஆனால் எந்த இடத்துக்கும் பெயர் இல்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணத் தொடங்கலாம் என்றால் வட்டம். அது இரண்டாவது கட்டு. எத்தனை பேர் என்றே சொல்லாத வரிசை மூன்றாவது. நான்காவது கட்டின் மேல் 'மற்றவை' என்று எழுதியிருக்கிறேன். அது நேர்மையான பெயர்.

ஏணியில்தான் பையன்கள் அதிகம் அடிவாங்குகிறார்கள், ஏனென்றால் அது சுலபமாகத் தெரிகிறது. டீக்கடையில் வந்த தாள்களில் உள்ளதைப் போலவே நான் அமைத்த ஒன்றை இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஏழு தளம் உள்ள ஒரு கட்டடம். கீழ்த்தளத்துக்கு எண் 1, மேல்தளத்துக்கு 7. நம் ஊர்க்காரர்கள் முதலில் இடறுவது இங்கேயே. நமக்கு முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது. பஸிலில் அப்படி இல்லை, மண்ணைத் தொட்டு நிற்பதே 1. அதனால் வகுப்பில் 'மாடி' என்ற சொல்லையே விட்டுவிட்டேன், தளம் என்றுதான் சொல்கிறேன்.

தளத்துக்கு ஒருவராக அமுதா, பாலு, சித்ரா, தேவன், எழில், கமலா, மணி ஏழு பேரும் வசிக்கிறார்கள். குறிப்புகள் இந்த வரிசையில் வருகின்றன. கமலாவும் எழிலும் அடுத்தடுத்த தளங்களில் இல்லை. சித்ராவுக்கும் தேவனுக்கும் நடுவே ஒருவர் மட்டும் வசிக்கிறார். அமுதா மூன்றாம் தளத்துக்கு மேலே ஓர் ஒற்றைப்படைத் தளத்தில் இருக்கிறார். மணி கமலாவுக்கு மேலே எங்கோ வசிக்கிறார். அமுதாவுக்கும் பாலுவுக்கும் நடுவே மூன்று பேர். பாலுவுக்கு நேர் மேல்தளத்தில் சித்ரா. தேவனுக்குக் கீழே எத்தனை பேரோ, எழிலுக்கு மேலேயும் அத்தனை பேர்.

எழுதியிருக்கும் வரிசையில் போடத் தொடங்கினால் கதை முடிந்தது. முதல் குறிப்பு ஒரு 'இல்லை'. 'இல்லை'யை வைத்துக்கொண்டு ஏணியில் யாரையும் ஏற்ற முடியாது. கேள்வி அமைப்பவருக்கு அது தெரியும், அதனால்தான் அதை முன்னால் வைக்கிறார். நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: முதல் வாசிப்பில் பேனா தாளில் படக்கூடாது. எண் உள்ள குறிப்பைத் தேடு. இங்கே அது அமுதாவுடையது. மூன்றுக்கு மேலே ஒற்றைப்படை என்றால் 5 அல்லது 7. இரண்டு ஏணி வரைந்துகொள்கிறோம். பையன்கள் இதைக் 'கேஸ் போடுவது' என்பார்கள்.

அடுத்து, ஏற்கெனவே ஏறியவருடைய பெயர் வரும் குறிப்பு எது என்று பார்க்க வேண்டும். அமுதாவுக்கும் பாலுவுக்கும் நடுவே மூன்று பேர் என்றால் இருவருக்கும் வித்தியாசம் நான்கு. மூன்று அல்ல, நான்கு. இந்த ஒன்றைக் கூட்டுவதில் விட்ட மதிப்பெண்களைச் சேர்த்துவைத்தால் ஒரு வங்கிக் கிளைக்கு ஆள் எடுக்கலாம். அமுதா 5 என்றால் பாலு 1. அமுதா 7 என்றால் பாலு 3. பாலுவுக்கு மேலே சித்ரா, ஆகவே முதல் ஏணியில் சித்ரா 2, இரண்டாவதில் 4. சித்ராவுக்கும் தேவனுக்கும் நடுவே ஒருவர், வித்தியாசம் இரண்டு. முதல் ஏணியில் தேவன் 4, வேறு வழியில்லை. இரண்டாவதில் 6 அல்லது 2, அது இரண்டாகக் கிளைக்கிறது. இப்போது கையில் மூன்று ஏணி.

இந்த இடத்தில் வியர்க்கும். மூன்று கிளை வந்ததும் பலர் பஸிலை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஆனால் இன்னும் தொடாத குறிப்புகளில் ஒன்று கத்தியைப் போலக் காத்திருக்கிறது. தேவனுக்குக் கீழே எத்தனை பேரோ, எழிலுக்கு மேலே அத்தனை பேர். முன்பெல்லாம் இதற்குப் பையன்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ண வேண்டாம். ஒருவர் கீழிருந்து எத்தனையாவதோ, மற்றவர் மேலிருந்து அத்தனையாவது, அதாவது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஏழு படி ஏணியில் இருவர் எண்களையும் கூட்டினால் எப்போதும் 8 வரும். எட்டுப் படி என்றால் 9. இவ்வளவுதான் வித்தை.

முதல் ஏணியில் தேவன் 4, ஆகவே எழிலும் 4. ஒரே வீட்டில் இரண்டு பேர் கூடாது, அந்த ஏணியை அடித்துவிடலாம். இரண்டாவதன் ஒரு கிளையில் தேவன் 6, எழில் 2. மறு கிளையில் தேவன் 2, எழில் 6. இரண்டிலுமே அமுதா 7, சித்ரா 4, பாலு 3, காலியாக இருப்பவை 5ம் 1ம். மணி கமலாவுக்கு மேலே என்பதால் மணி 5, கமலா 1. இப்போதுதான் தலைப்பில் நின்ற அந்த 'இல்லை'க்கு வேலை. கமலா 1இல் இருக்கும்போது எழில் 2இல் இருக்க முடியாது. ஆக மேலிருந்து கீழாக அமுதா, எழில், மணி, சித்ரா, பாலு, தேவன், கமலா. முதலில் எழுதியிருந்த குறிப்பைக் கடைசியில் பயன்படுத்தினோம். ஏணிக் கட்டில் உள்ள தாள்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான் முடிகிறது.

இந்த 'இல்லை'க் குறிப்புக்கு எங்கள் டீக்கடையில் இன்னொரு சரித்திரம் உண்டு. ஞாபகத்தில் எழுதித்தரும் பஸில்களை நான் அப்படியே கட்டில் சேர்ப்பதில்லை, முதலில் போட்டுப் பார்ப்பேன். சிலவற்றுக்கு இரண்டு விடை வரும். அப்படி வந்தால் கேள்வி தவறு என்று அர்த்தமில்லை, எழுதித்தந்தவர் ஒரு குறிப்பை மறந்துவிட்டார் என்று அர்த்தம். மேலே உள்ள கணக்கில் கமலா, எழில் குறிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள், கடைசி இரண்டு ஏணியும் உயிரோடு நிற்கும். அதே ஷிஃப்டில் எழுதிய இன்னொருவனைத் தேடிப்பிடித்துக் கேட்பேன். "ஆமா சார், பக்கத்துல இல்லைன்னு ஒண்ணு இருந்துச்சு" என்பான். மறந்துபோவது பெரும்பாலும் 'இல்லை'தான். ஏன் என்று யோசித்தேன். மற்ற குறிப்புகளைத் தாளில் வரைகிறோம், கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 'இல்லை'யை யாரும் வரைவதில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு வகுப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். ஏணியின் வலது ஓரத்தில் 'க, எ' என்று எழுதி அதன் மேல் ஒரு கோடு அடித்து வைக்க வேண்டும். வீட்டில் ஒட்டிவைக்கும் சீட்டு மாதிரி, கடைசியில் கண்ணில் படும்.

பெட்டிகளுக்கு நிறம், ஆட்களுக்கு ஊர் என்று இரண்டாவது அடுக்கு சேர்ந்து வந்தால் அதற்குத் தனி முறை ஏதும் இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை, அவ்வளவே. ஆட்களும் நிறங்களும் கலந்து வந்தால், படியில் முதலில் ஏறுவது எதுவோ அது ஏறட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆட்களை முடித்துவிட்டுத்தான் நிறத்துக்கு வருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் பாதியில் நிற்பார்கள்.

வட்டத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் எட்டு பேரும் மேசையின் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அது குழந்தை விளையாட்டு. இப்போது சிலர் உள்ளே பார்க்கிறார்கள், சிலர் வெளியே பார்க்கிறார்கள், யார் எப்படி என்றும் சொல்வதில்லை. நான் எழுதிய காலத்தில் இப்படி வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தத் தேர்வில் தேறவில்லை.

உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை. கடிகாரம் ஒன்று போதும். 6 மணி இடத்தில் ஒருவர் மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அவருடைய வலக்கை 3 மணிப் பக்கம் இருக்கும், இடக்கை 9 மணிப் பக்கம். அதாவது உள்ளே பார்ப்பவருக்கு இடது என்பது கடிகாரம் ஓடும் திசை. வெளியே பார்ப்பவருக்கு வலதுதான் கடிகாரத் திசை. 'உள்ளே இடது, வெளியே வலது, கடிகாரம்' என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வருடக்கணக்கில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். குறிப்பில் வரும் ஒவ்வொரு இடதையும் வலதையும் முதலில் கடிகாரக் கூட்டல், கழித்தலாக மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு வட்டமும் ஏணியும் ஒன்றுதான். ஆறு பேர் என்றால் 0 முதல் 5 வரை எண், யாராவது ஒருவரை 0இல் உட்காரவைத்துவிடலாம். வட்டத்தில் இடத்துக்குப் பெயர் கிடையாது என்பதால் அந்த உரிமை நமக்கு உண்டு.

சின்னதாக ஒன்று. ஆறு பேர் கொண்ட வட்டம். ராணி வெளியே பார்க்கிறார். ராணிக்கு இடப்புறம் இரண்டாவதாக சேகர். சேகருக்கு நேரெதிரே வேலு. வேலுவுக்கு உடனடி வலப்புறம் பூமா. வேலு எந்தப் பக்கம் பார்க்கிறார்? ராணி 0. வெளியே பார்ப்பவருக்கு இடது கடிகாரத்துக்கு எதிர்த்திசை, இரண்டு இடம் பின்னால் போனால் 4. சேகர் 4. நேரெதிர் என்பதற்குத் திசையே தேவையில்லை, மூன்று இடம் தள்ளினால் 1. வேலு 1. அவருக்குப் பக்கத்து இடங்கள் 0ம் 2ம். 0இல் ராணி இருக்கிறார், ஆகவே பூமா 2. வேலுவின் வலது கடிகாரத் திசையில் விழுகிறது, ஆகவே வேலு வெளியே பார்க்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, வேலுவின் திசையை யாரும் சொல்லவில்லை, நாமும் ஊகிக்கவில்லை. இடம் அமைந்ததும் திசை தானாக வந்து விழுந்தது. வட்டக் கட்டில் பையன்கள் செய்யும் பெருந்தவறு, முதலிலேயே 'வேலு உள்ளே பார்த்தால், வெளியே பார்த்தால்' என்று கிளை பிரிப்பது. எட்டு பேருக்கும் அப்படிப் பிரித்தால் தாள் போதாது. நேரெதிர், நடுவே இத்தனை பேர், பக்கத்தில் உள்ளவர் என்று திசை கேட்காத குறிப்புகளை முதலில் தீர்த்துவிட வேண்டும். திசை கேட்கும் குறிப்பு பெரும்பாலும் விடையோடு வரும்.

இங்கே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2021இல் மத்திய நிதி அமைச்சகம், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வுகளை ஆங்கிலம், இந்தியோடு 13 மாநில மொழிகளிலும் நடத்தப் பரிந்துரைத்தது. அதன் பிறகு கிளார்க் தேர்வில் பஸில் தமிழில் கிடைக்கிறது. ஆனால் பிஓ தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பவன் இரண்டு மொழியிலும் வாசித்தாக வேண்டும். தமிழில் 'ராணிக்கு இடப்புறம் இரண்டாவதாக சேகர்' என்று படித்தால் கண் ராணியிடமிருந்து புறப்படும். அதுதான் சரி. ஆங்கில வாக்கியத்தில் சேகர் முதலில் வருவார், ராணி கடைசியில் வருவார். வாக்கியத்தில் முதலில் வந்தவரிடமிருந்து எண்ணத் தொடங்கும் பிள்ளை, சேகருக்கு இடப்புறம் ராணியைப் போட்டுவிடும். வகுப்பில் தமிழில் எல்லாம் சரியாகப் போட்ட ஒருவன் மாதிரித் தேர்வில் மட்டும் தொடர்ந்து தவறவிட, இரண்டு மாதம் கழித்துத்தான் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இப்போது ஆங்கிலக் குறிப்பில் யாரிடமிருந்து எண்ண வேண்டுமோ அந்தப் பெயரைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். திரையில் பேனாவால் எழுத முடியாது, விரல் போதும்.

மூன்றாவது கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முதல் முறை பார்ப்பவரை அது நிலைகுலைய வைக்கும். 'ஒரு வரிசையில் சிலர் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார்கள்.' எத்தனை பேர்? சொல்லமாட்டார்கள், அதைத்தான் கேட்பார்கள். ஏணிப் பழக்கத்தில் ஏழெட்டுக் கட்டம் வரைந்துகொண்டு தொடங்குபவர்கள் ஆட்களைக் கட்டத்துக்குள் அமுக்கப் பார்ப்பார்கள். பெயர் சொல்லப்படாதவர்களும் வரிசையில் உண்டு என்பதே அவர்களுக்கு உறைக்காது. இந்தக் கட்டுக்குக் கட்டம் வரையக் கூடாது. கோடு மட்டும் இழுத்து, எண்களை அதன் மேல் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

முத்து இடக்கோடியிலிருந்து மூன்றாவது. முத்துவுக்கும் வள்ளிக்கும் நடுவே நான்கு பேர். வள்ளிக்கு வலப்புறம் இரண்டாவதாக கோபு. கோபு வலக்கோடியிலிருந்து ஆறாவது. முத்து 3, வள்ளி ஐந்து தள்ளி 8, இடப்பக்கம் போக இடமில்லை. கோபு 10. வலப்பக்கம் கோபுவையும் சேர்த்து ஆறு பேர் என்றால் மொத்தம் 15. 16 என்று எழுதுபவர்கள் கோபுவை இரண்டு முறை எண்ணிவிட்டார்கள். இடமிருந்து எண், வலமிருந்து எண், இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி என்பது குரூப் 4க்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அங்கே அது தனிக் கேள்வியாக, 'இடமிருந்து 12ஆவது, வலமிருந்து 17ஆவது, மொத்தம் எத்தனை' என்று நேராகவே வரும். விடை 28. அதே எலும்புதான் வங்கித் தேர்வில் சதை போட்டு நிற்கிறது. குரூப் 4இலிருந்து வங்கித் தேர்வுக்கு மாறும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது கட்டைத்தான் முதலில் கொடுப்பேன். தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருப்பதைப் பார்த்தால் பயம் தெளியும்.

நான்காவது கட்டு மெல்லியது, ஆனால் அதுதான் வருடா வருடம் வளர்கிறது. இரண்டு எதிரெதிர் வரிசையில் நிற்பவர்களுக்குள் ரத்த உறவு கலந்தது, ஒரு வட்டத்துக்குள் சதுரம், ஆட்களின் வயதுக்கும் தளத்தின் எண்ணுக்கும் முடிச்சுப் போட்டது என்று மெயின்ஸில் வருபவை பெரும்பாலும் இங்கேதான் கிடக்கின்றன. அவற்றை மற்ற மூன்று கட்டுகளில் ஏதாவது ஒன்றில் நுழைத்துவிட ஆரம்பத்தில் முயன்றேன். அப்படி நுழைத்ததால் வந்த கேடு உண்டு. ஒரு பையன் எந்த பஸிலைப் பார்த்தாலும் "இது எந்தக் கட்டு, சார்?" என்று கேட்பான், கட்டுப் பெயர் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவான், சொல்லாவிட்டால் பேனாவைத் தொடமாட்டான். தேர்வில் நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அவனுக்காக ஒரு மாதம் கட்டுகளைக் கலைத்து, சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கி, பஸில் போடவே வேண்டாம், எந்தக் கட்டு, ஏன் என்று மட்டும் எழுது என்று கொடுத்தேன். ஒரு நாளைக்கு இருபது. நான் கேட்ட அந்த மூன்று கேள்வியை அவனே கேட்டுக்கொள்ளும் வரை விடவில்லை. என் அனுபவத்தில் இந்தப் பயிற்சிதான் மற்ற எதையும்விட அதிகம் பலித்தது. போடுவதைவிட அடையாளம் காண்பதற்குத்தான் பையன்களுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

நேரம் என்றதும் ஒரு கணக்கு. ஐபிபிஎஸ் பிஓ ப்ரிலிம்ஸில் ரீசனிங்குக்கு 35 கேள்வி, 20 நிமிடம். கேள்விக்கு 34 வினாடிதான் விழுகிறது. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும். சமனின்மையும் எழுத்துத் தொடரும் கேள்விக்குப் பத்துப் பதினைந்து வினாடியில் முடிந்துவிடும், அதில் மிச்சம் பிடித்ததைத்தான் பஸிலில் செலவழிக்க முடியும். ஆகவே எதைப் போடுவது என்பதைப் போலவே எதை விடுவது என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நான் வைத்திருக்கும் அளவு இது: எண் உள்ள குறிப்பையும் அதனோடு பெயர் கோத்து வரும் குறிப்புகளையும் போட்ட பிறகு மூன்று கிளைக்கு மேல் நின்றால், அல்லது எண் உள்ள குறிப்பே இல்லாமலிருந்தால், தாண்டிப் போ. மேலே பார்த்த ஏழு தளம் மூன்று கிளை வரை போனது, அது எல்லைக்குள். இந்த அளவு எல்லாருக்கும் பொருந்தாது. கையெழுத்து வேகமுள்ளவர்கள் நான்கு கிளையைத் தாங்குவார்கள். சிலருக்கு இரண்டுக்கே தலை சுற்றும், அவர்கள் இரண்டோடு விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. பஸில் முழுதாக முடியாவிட்டாலும் அதன் ஐந்து கேள்வியில் ஒன்றிரண்டுக்கு விடை கிடைத்துவிடும். ஏழு தளக் கணக்கில் கடைசிக் குறிப்பைப் போடுவதற்கு முன்பே, மிஞ்சிய இரண்டு கிளையிலும் அமுதா 7, மணி 5, சித்ரா 4, பாலு 3, கமலா 1. 'ஐந்தாம் தளத்தில் யார்?' என்று கேட்டால் அப்போதே எழுதிவிடலாம். எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருப்பது விடைதான், எந்தக் கிளை சரி என்று தெரிந்தாக வேண்டியதில்லை. குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அந்தப் பேருந்து நிறுத்தப் பெண் அடுத்த வருடம் கிளார்க் தேர்வில் தேறி, இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கிளையில் இருக்கிறாள். அவள் எழுதிக்கொடுத்த தாள் ஏணிக் கட்டில் மேலேயே இருக்கிறது. அதன் மூலையில் 'பஸ் ஸ்டாப் — புது வகை' என்று நான் எழுதி, பிறகு 'புது வகை'யை அடித்திருப்பது தெரியும்.

இந்த வருடம் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மையத்திலிருந்து வெளியே வந்ததும் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு பஸிலை நினைவிலிருந்து எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். எழுதும்போது 'இல்லை' என்று வந்த குறிப்பை முதலில் எழுதிவிடுங்கள்.